ஒரே பிபிடி, நாலு பேர்: ஒருவர் ஸ்லைடை இன்னொருவர் அழிக்காமல் வேலை செய்வது எப்படி?

நாலு பேர் சேர்ந்து பிபிடி தயாரிக்கும் ஆபீஸில் இரண்டு பேச்சு அடிக்கடி காதில் விழும். "நான் எடிட் பண்ணிட்டிருக்கேன், யாரும் அந்த ஃபைலைத் திறக்காதீங்க" என்பது ஒன்று. "டிரைவுலதானே இருக்கு, எதுவும் போகாது" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. முதலாமவர் தேவையில்லாமல் மற்ற மூன்று பேரையும் காத்திருக்க வைக்கிறார். இரண்டாமவர் பயமே இல்லாமல் இருந்துவிட்டு, கூட்டத்துக்கு முந்தின நாள் தன் ஸ்லைடைக் காணாமல் தேடுகிறார்.

ஸ்லைடு எப்படி அழிகிறது என்று தெரிந்துகொண்டால், எப்போது பயப்பட வேண்டும், எப்போது வேண்டாம் என்பது தானாகப் புரிந்துவிடும். அதற்குக் கம்ப்யூட்டர் படித்திருக்கத் தேவையில்லை. இங்கே பெரும்பாலும் பவர்பாயிண்டை வைத்தே சொல்கிறேன். கூகுள் ஸ்லைட்ஸ் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

## முதலில், அழிவது எப்படி?

கல்யாண வீட்டில் அழைக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதை அப்பா ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போய்த் தன் பக்கத்து உறவினர் பெயர்களைச் சேர்க்கிறார். சித்தப்பாவும் இன்னொரு ஜெராக்ஸ் எடுத்து, ஆபீஸ் நண்பர்கள் பெயர்களைச் சேர்க்கிறார். அப்பா தன் தாளைக் கொண்டுவந்து, பழையதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிறார். கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வருகிறார். அப்பாவின் தாளை எடுத்துவிட்டுத் தன் தாளை வைக்கிறார். பட்டியலில் இப்போது ஆபீஸ் நண்பர்கள் இருக்கிறார்கள், அப்பா சேர்த்த உறவினர்கள் இல்லை. யாரும் எந்தப் பெயரையும் அடிக்கவில்லை. சண்டை போட ஆளும் இல்லை. ஆனால் பெயர்கள் போய்விட்டன.

பிபிடியில் நடப்பதும் இதேதான். மாலை கூட்டத்துக்கு 18 ஸ்லைடு கொண்ட ஒரு ஃபைல் மெயிலில் வருகிறது. கணக்கு பார்ப்பவர் 10 மணிக்கு அதை இறக்கி, செலவு ஸ்லைடில் எண்களை நிரப்புகிறார். வடிவமைப்பு பார்ப்பவரும் 10:15-க்கு அதே மெயிலிலிருந்து இறக்கி, முதல் ஸ்லைடின் படத்தை மாற்றுகிறார். 11 மணிக்குக் கணக்கு பார்ப்பவர் தன் ஃபைலைப் பொது ஃபோல்டரில் போடுகிறார். 11:30-க்கு வடிவமைப்பு பார்ப்பவர் அதே பெயரில் தன் ஃபைலைப் போடுகிறார். "இதே பெயரில் ஃபைல் இருக்கிறது, மாற்றவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கிறது. அவர் ஆமாம் என்கிறார். அவர் தொட்டது முதல் ஸ்லைடை மட்டும்தான். ஆனால் செலவு ஸ்லைடின் எண்களும் போய்விட்டன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இருவரும் வெவ்வேறு ஸ்லைடுகளில்தான் வேலை செய்தார்கள். "நீ உன் ஸ்லைடு, நான் என் ஸ்லைடு" என்று பிரித்துக்கொண்டது அவர்களைக் காப்பாற்றவில்லை. ஏனென்றால் கம்ப்யூட்டர் மாற்றிவைத்தது ஒரு ஸ்லைடை இல்லை, ஃபைல் முழுவதையும்.

## எந்த அளவில் சேமிக்கிறோம்?

இதை அளந்து பார்க்க ஒரு கேள்வி போதும்: நான் சேமிக்கும்போது எவ்வளவு பெரிய துண்டு மாற்றி வைக்கப்படுகிறது? அந்தத் துண்டைச் சேமிப்பின் அலகு என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இந்தச் சொல்லை இந்தப் பொருளில்தான் பயன்படுத்துகிறேன்.

மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ பென்டிரைவிலோ ஃபைல் சுற்றும்போது, சேமிப்பின் அலகு முழு ஃபைல். ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும் பொது ஃபோல்டரில் இருக்கும் ஃபைலுக்கும் அலகு முழு ஃபைல்தான். ஆனால் அங்கே ஒரு பூட்டு உண்டு. ஒருவர் ஃபைலைத் திறந்ததும் பக்கத்திலேயே `~$` என்று தொடங்கும் ஒரு சின்ன மறைவு ஃபைல் உருவாகும். "இவர் திறந்து வைத்திருக்கிறார்" என்று மற்றவர்களுக்குச் சொல்வது அதுதான். இரண்டாவதாகத் திறப்பவருக்குப் படிக்க மட்டும் அனுமதி கிடைக்கும். பாதுகாப்புதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். அவசரத்தில் இருப்பவர் என்ன செய்வார்? வேறு பெயரில் சேமித்துக்கொண்டு வேலையைத் தொடருவார். அந்த நிமிடமே இரண்டு ஜெராக்ஸ் ஆகிவிட்டது.

ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட், கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் ஃபைலை வைத்து, எல்லோரும் அங்கேயே திறந்து வேலை செய்தால் இந்த அலகு சின்னதாகிறது. முழு ஃபைலுக்குப் பதிலாக, நீங்கள் மாற்றியது மட்டும் போய்ச் சேருகிறது. இதைக் கூட்டு எடிட்டிங் என்கிறோம். ஒரே தாளைச் சுவரில் ஒட்டி, அப்பாவும் சித்தப்பாவும் பக்கத்தில் நின்று எழுதுவது மாதிரி.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இரண்டு பேர் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் ஸ்லைடு அழிவதில்லை. இரண்டு நகல்கள் உருவாகி, அதில் ஒன்று இன்னொன்றின் மேல் முழுசாக உட்காரும்போதுதான் அழிகிறது.

## பிபிடி ஃபைலுக்குள் ஒரு எட்டு

அலகை எப்படிச் சின்னதாக்க முடிகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உங்களிடம் இருக்கும் ஏதாவது ஒரு பிபிடியை நகல் எடுத்து, அந்த நகலின் பெயர் முடிவில் இருக்கும் `.pptx` என்பதை `.zip` என்று மாற்றித் திறந்து பாருங்கள். 2007-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த இந்த வடிவம், உண்மையில் பல சின்ன ஃபைல்களை அடுக்கி வைத்த ஒரு பொட்டலம். உள்ளே ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
ppt/presentation.xml
ppt/slides/slide1.xml
ppt/slides/slide2.xml
ppt/media/image1.png
ppt/slideMasters/slideMaster1.xml
```

ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனி ஃபைல். படங்கள் வேறு இடத்தில். எல்லா ஸ்லைடுக்கும் பொதுவான எழுத்துரு, நிறம், லோகோ இருக்கும் இடம் ஸ்லைடு மாஸ்டர், அதுவும் தனி. ஸ்லைடுகள் எந்த வரிசையில் வர வேண்டும் என்பது `presentation.xml`-இல் ஒரு பட்டியலாக இருக்கும்:

```
<p:sldIdLst>
  <p:sldId id="256" r:id="rId2"/>
  <p:sldId id="261" r:id="rId3"/>
  <p:sldId id="258" r:id="rId4"/>
</p:sldIdLst>
```

அதில் வரும் 256, 261, 258 என்பவைதான் ஸ்லைடுகளின் அடையாள எண்கள். 256-இல் தொடங்குவது இந்த வடிவத்தின் விதி. இரண்டாவதாக வரும் ஸ்லைடின் எண் 261 என்று இருப்பதைப் பாருங்கள். அதாவது, திரையில் ஓரத்தில் தெரியும் 1, 2, 3 என்ற எண் அந்த ஸ்லைடு இப்போது நிற்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. ஸ்லைடு இடம் மாறினாலும் உள்ளே இருக்கும் அடையாள எண் மாறாது. அதனால்தான் கூட்டு எடிட்டிங்கில் ஒருவர் நடுவில் புது ஸ்லைடைச் சேர்த்தாலும், கீழே வேலை செய்துகொண்டிருக்கும் இன்னொருவரின் திருத்தம் வேறு ஸ்லைடுக்குப் போய்விடுவதில்லை.

ஆனால் மனிதர்களுக்கு இந்தக் குழப்பம் வரும். "12-ஆவது ஸ்லைடை எடுத்துடுங்க" என்று காலையில் மெசேஜ் போட்டால், மதியம் அது 13-ஆவதாக இருக்கலாம். சொன்னதைச் சொன்னபடி செய்பவர் தவறான ஸ்லைடை அழித்துவிடுவார். அதனால் ஸ்லைடை எண்ணால் சொல்லாமல் தலைப்பால் சொல்லுங்கள். "செலவு விவரம் ஸ்லைடு" என்றால் அது எங்கே நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். இதற்காகவே ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு தலைப்பு, அதுவும் மற்ற ஸ்லைடுகளின் தலைப்போடு ஒத்துப்போகாத தலைப்பு, இருக்க வேண்டும்.

## கூட்டு எடிட்டிங் உண்மையில் ஓடுகிறதா?

ஃபைல் டிரைவில் இருப்பது வேறு, நீங்கள் டிரைவில் இருக்கும் அந்த ஃபைலைத்தான் திறந்திருக்கிறீர்கள் என்பது வேறு. பெரும்பாலான விபத்து இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. லிங்க் வந்தது, கிளிக் செய்தார், டவுன்லோடு கொடுத்தார், டவுன்லோடு ஃபோல்டரிலிருந்து திறந்தார். அவர் கையில் இருப்பது ஜெராக்ஸ். ஆனால் "டிரைவிலிருந்துதான் திறந்தேன்" என்று மனசார நம்புவார்.

பவர்பாயிண்டில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். இடது மேல் மூலையில் `AutoSave` என்ற சுவிட்ச் ஓன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைல் ஒன்டிரைவிலோ ஷேர்பாயிண்டிலோ இருந்தால்தான் அது ஓன் ஆகி வேலை செய்யும். மேலே ஃபைல் பெயரைக் கிளிக் செய்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்றும் காட்டும். அங்கே உங்கள் கம்ப்யூட்டரின் ஃபோல்டர் வழி தெரிந்தால், அதில் ஒரு எழுத்துகூட மாற்றாமல் மூடிவிட்டு, லிங்க் வழியாகத் திரும்பத் திறங்கள். கூகுள் ஸ்லைட்ஸ் பிரவுசரிலேயே ஓடுவதால் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அங்கேயும் யாராவது `.pptx` ஆக இறக்கித் திருத்திவிட்டு, மறுபடி ஏற்றினால் அது தனி நகல்தான்.

இன்னும் சில தடைகளும் உண்டு. 2007-க்கு முந்தைய `.ppt` வடிவத்தில் இருக்கும் ஃபைலில் கூட்டு எடிட்டிங் நடக்காது. திறக்கப் பாஸ்வேர்டு போட்ட ஃபைலிலும் நடக்காது. ரகசியம் காக்க வேண்டுமானால் பாஸ்வேர்டுக்குப் பதிலாக, யாருக்கெல்லாம் லிங்க் திறக்கும் என்பதைக் கட்டுப்படுத்துங்கள். ஷேர்பாயிண்டில் செக் அவுட் என்று ஒரு வசதி உண்டு. ஒருவர் ஃபைலை எடுத்துக்கொண்டால் அவர் திருப்பி வைக்கும் வரை மற்றவர்கள் திருத்த முடியாது. அதைக் கட்டாயமாக்கி வைத்திருந்தால் பழைய பூட்டுக் கதைதான்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இப்போது இரண்டு பேர் ஒரே ஸ்லைடில் இருக்கிறார்கள். என்ன ஆகும்? ஒருவர் தலைப்பையும் இன்னொருவர் படத்தையும் மாற்றினால் இரண்டும் சேர்ந்துவிடும். யார் எதில் இருக்கிறார் என்பதைப் பெயரோடு ஒரு சின்ன அடையாளம் காட்டும். சிக்கல் ஒரே பொருளை இருவரும் தொடும்போதுதான். ஒரே படத்தை ஒருவர் இடப்பக்கம் நகர்த்துகிறார், இன்னொருவர் வலப்பக்கம் நகர்த்துகிறார் என்றால், கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நிற்கும். ஒரே எழுத்துப்பெட்டியில் இருவரும் தட்டும்போது, கூகுள் ஸ்லைட்ஸ் எழுத்து எழுத்தாகச் சேர்த்துக்கொண்டே போகும். எழுத்து போகாது, ஆனால் இரண்டு பேர் மனதில் இருந்த இரண்டு வாக்கியங்கள் கலந்து வரும். பவர்பாயிண்டில், ஒரே பெட்டியை இருவர் தொட்டால் ஒருவருடையது போகலாம் என்று நினைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. அந்தப் பெட்டியில் இன்னொருவர் பெயர் தெரிந்தால் அவர் வெளியே வரும் வரை வேறு ஸ்லைடைப் பாருங்கள்.

இணையம் இல்லாமல் வேலை செய்வது தனிக் கதை. ரயிலில் லேப்டாப்பைத் திறந்து இரண்டு மணி நேரம் திருத்துகிறீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் ஜெராக்ஸில்தான் எழுதுகிறீர்கள். இணையம் வந்ததும் பவர்பாயிண்ட் இரண்டையும் சேர்க்கப் பார்க்கும். மோதல் இருந்தால் உங்களுடையதையும் அவர்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். அந்தப் பெட்டி வந்ததும் பதறி எதையாவது தட்டாமல், இரண்டையும் படித்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். சில சமயம் ஒன்டிரைவால் சேர்க்கவே முடியாது. அப்போது ஃபைல் பெயரின் முடிவில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரை ஒட்டி இரண்டாவது ஃபைலை உருவாக்கி வைக்கும். ஃபோல்டரில் அப்படி ஒரு ஃபைல் முளைத்திருந்தால், அதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். யாரோ ஒருவரின் இரண்டு மணி நேர உழைப்பு அதில் மட்டும்தான் இருக்கும்.

சுருக்கமாக: `AutoSave` ஓன், ஃபைல் டிரைவில், வடிவம் `.pptx`. இந்த மூன்றும் இருந்தால் வெவ்வேறு ஸ்லைடில், ஏன், ஒரே ஸ்லைடின் வெவ்வேறு பொருளில் கூடப் பயமில்லாமல் வேலை செய்யலாம். ஒரே பெட்டிக்குள் மட்டும் இருவர் வேண்டாம்.

## மோதலே இல்லாமல் தொலைவது

"டிரைவுலதானே இருக்கு" என்பவர் ஏமாறும் இடம் இது. கூட்டு எடிட்டிங் மோதலைத்தான் தடுக்கும். ஒருவர் தெரிந்தே செய்யும் திருத்தத்தை அது சரியா தவறா என்று பார்க்காது. எல்லோருக்கும் உடனே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

ஒரு நிகழ்வை முழுசாகப் பார்ப்போம். அதே 18 ஸ்லைடு. செவ்வாய் காலை, வடிவமைப்பு பார்ப்பவர் "செலவு விவரம்" ஸ்லைடை இன்னும் அழகாக்கலாம் என்று நினைக்கிறார். அசலைத் தொடாமல் `Duplicate Slide` கொடுத்து, அந்த நகலைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து, அதில் அட்டவணையின் நிறம், அகலம் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். பொறுப்பாகத்தான் நடந்துகொள்கிறார். மாலை 4 மணிக்குக் கணக்கு பார்ப்பவர் அசல் ஸ்லைடில் இறுதி எண்களை நிரப்புகிறார். 6:30-க்கு வடிவமைப்பு பார்ப்பவர் தன் நகல் தயார் என்று அதை மேலே நகர்த்தி, பழைய அசலை அழிக்கிறார். இரவு 9 மணிக்கு டீம் லீடர் வேறு ஐந்து ஸ்லைடுகளில் வாசகங்களைத் திருத்துகிறார். புதன் காலை கணக்கு பார்ப்பவர் திறக்கிறார். ஸ்லைடு இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. எண்கள் மட்டும் பழையவை.

எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வர வழியில்லை. நகல் எடுத்தது, நிரப்பியது, அழித்தது மூன்றும் மூன்று தனி வேலைகள், ஒன்றோடொன்று மோதவில்லை. ஃபைலுக்குள்ளேயே ஒரு ஜெராக்ஸ் உருவாகி, அது அசலின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். அழித்திருக்காமல் அசலை `Hide Slide` செய்திருந்தால், காட்டும்போது திரையில் வராது, ஆனால் ஃபைலில் அப்படியே இருந்திருக்கும். ஒரு நாள் முழுக்க யாரும் கேட்கவில்லை என்றால் அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.

இதே வகையில் இன்னொன்று: போன காலாண்டின் பிபிடியைத் திறந்து, அதன் மேலேயே இந்தக் காலாண்டை எழுதத் தொடங்குவது. முன்பெல்லாம் திருத்திவிட்டுக் கடைசியில் வேறு பெயரில் சேமித்தால் பழையது பத்திரமாக இருக்கும். `AutoSave` ஓன் ஆக இருந்தால் நீங்கள் தட்டத் தட்டவே பழைய ஃபைல் மாறிக்கொண்டிருக்கும். அதனால் முதல் வேலையே `File` > `Save a Copy` ஆக இருக்கட்டும். அப்புறம் தட்டத் தொடங்குங்கள்.

## பழைய பதிப்பிலிருந்து ஒரு ஸ்லைடை மட்டும் மீட்பது

இப்போது அந்த எண்களை மீட்போம். பவர்பாயிண்டில் `File` > `Info` > `Version History` திறந்தால் வலப்பக்கம் ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் நேரமும் திருத்தியவர் பெயரும் இருக்கும். பதிப்பு என்பது அந்த நேரத்தில் முழு ஃபைலும் எப்படி இருந்தது என்பதன் பதிவு. தட்டிய ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பதிப்பு இருக்காது. இடைவெளி விட்டுத்தான் பதிவாகும்.

நமக்கு வேண்டியது 4 மணிக்குப் பின், 6:30-க்கு முன். 5:50-க்கு ஒரு பதிப்பு இருந்தால் அதைத் திறக்கிறோம். அது படிக்க மட்டும் திறக்கும். மேலே `Restore` என்ற பட்டன் பளிச்சென்று நிற்கும். கை அங்கேதான் போகும். நிறுத்துங்கள். பதிப்பு என்பது முழு ஃபைல் என்று இப்போதுதானே பார்த்தோம்? `Restore` கொடுத்தால் ஃபைல் முழுவதும் 5:50-க்குப் போய்விடும். வடிவமைப்பு பார்ப்பவரின் நகல் மறுபடி கடைசிக்குப் போய்விடும், டீம் லீடர் இரவு ஐந்து ஸ்லைடுகளில் செய்த திருத்தங்களும் திரையிலிருந்து போய்விடும். தொலைந்த ஒரு ஸ்லைடை மீட்கப் போய் ஐந்து ஸ்லைடின் திருத்தங்களை இழப்போம். அவையும் பதிப்புப் பட்டியலில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவற்றை மீட்க இன்னொரு சுற்று வேலை, அதற்குள் யாராவது மேலே வேறு திருத்தம் செய்திருப்பார்கள்.

சரியான வழி இது. 5:50 பதிப்பின் இடது ஓரத்தில் அசல் "செலவு விவரம்" ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து `Ctrl+C`. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலின் ஜன்னலுக்கு வந்து, புது ஸ்லைடுக்குப் பக்கத்தில் `Ctrl+V`. ஒட்டியதும் கீழே ஒரு சின்ன ஐகான் வந்து, எந்த வடிவத்தில் வேண்டும் என்று கேட்கும். இரண்டும் ஒரே டெம்ப்ளேட் என்பதால் `Use Destination Theme` போதும். `Keep Source Formatting` கொடுத்தால் பழைய ஸ்லைடு மாஸ்டரும் கூடவே வந்து உட்காரலாம். இப்படி நாலு முறை ஒட்டினால் மாஸ்டர் நாலாகி, அப்புறம் லோகோவை ஒரு இடத்தில் மாற்றினால் சில ஸ்லைடில் மட்டும் மாறாமல் நிற்கும். `View` > `Slide Master` திறந்து பார்த்தால் இப்படிக் குவிந்தவை தெரியும்.

இரண்டு ஸ்லைடும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாயிற்று. எண்களைப் பழையதிலிருந்து புது அட்டவணைக்கு மாற்றிவிட்டு, ஒட்டிய ஸ்லைடை மறைத்து வைக்கலாம். எங்காவது "செலவு விவரத்துக்குப் போ" என்று அந்த ஸ்லைடுக்கு ஒரு இணைப்பு வைத்திருந்தால் அதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழிந்த ஸ்லைடின் அடையாள எண் வேறு, இப்போது அந்த இடத்தில் நிற்கும் ஸ்லைடின் எண் வேறு. பழைய இணைப்பு தானாக இதைத் தேடி வராது.

கூகுள் ஸ்லைட்ஸில் `File` > `Version history` > `See version history`. வேண்டிய பதிப்பின் மூன்று புள்ளியை அழுத்தி `Make a copy` கொடுத்தால் அது தனி ஃபைலாகும். அப்புறம் ஓடும் ஃபைலில் `File` > `Import slides` வழியாக அந்த நகலிலிருந்து ஒரே ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்ளலாம். `Keep original theme` என்பதில் டிக் எடுத்துவிடுங்கள்.

பதிப்புகள் என்றென்றும் இருக்காது என்பதும் தெரிந்திருக்கட்டும். சொந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் கடைசி 25 பதிப்புகள்தான் கிடைக்கும். நாலு பேர் மும்முரமாகத் திருத்தும் ஃபைலில் இது சீக்கிரம் தீரும். கூகுள் டிரைவில் `.pptx` ஆகவே ஏற்றி வைத்த ஃபைலுக்குப் பழைய பதிப்புகள் 30 நாள் கழித்தோ, 100 பதிப்பைத் தாண்டியோ நீக்கப்படலாம். வேண்டியதை நிரந்தரமாக வைக்கும்படி குறித்துவைக்கலாம். அதனால் சந்தேகம் வந்த அன்றே தேடுங்கள்.

## ஏற்கனவே இரண்டு நகல் ஆகிவிட்டால்

யாரோ மெயிலில் திருத்தி அனுப்பிவிட்டார். ஓடும் ஃபைலும் நகர்ந்துவிட்டது. அதை இதன் மேல் போட்டுவிடக் கூடாது என்பது இப்போது தெரியும். கம்ப்யூட்டரில் நிறுவிய பவர்பாயிண்டில் இதற்கு `Review` > `Compare` இருக்கிறது. முதலில் ஓடும் ஃபைலை ஒரு நகல் எடுத்து அதைத் திறந்து, `Compare` கொடுத்து, மெயிலில் வந்த ஃபைலைக் காட்டுங்கள். எங்கெல்லாம் வேறுபடுகிறது என்று ஸ்லைடு ஸ்லைடாகக் காட்டும்; வேண்டியதை ஏற்று, வேண்டாததை விட்டுவிட்டு, கடைசியில் `End Review`.

ஒரு எல்லை உண்டு, அது தெரியாமல்தான் பலர் இந்தக் கருவியை நம்பி ஏமாறுகிறார்கள். அதன் கையில் இருப்பது இரண்டு ஃபைல்கள் மட்டும். இரண்டும் பிரிவதற்கு முன் இருந்த பொதுவான ஃபைல் அதன் கையில் இல்லை. ஒன்றில் ஒரு வரி இருந்து மற்றதில் இல்லை என்றால், இவர் அதைச் சேர்த்தாரா, அவர் அதை நீக்கினாரா என்று அதற்குத் தெரியாது. வேறுபாட்டைத்தான் காட்டும், எது புதியது என்று சொல்லாது. எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுக்கொண்டால், டீம் லீடர் யோசித்து நீக்கிய வரிகள் திரும்ப வந்துவிடும். மெயில் அனுப்பியவரைப் பக்கத்தில் உட்காரவைத்தோ, போனில் வைத்துக்கொண்டோ செய்ய வேண்டிய வேலை இது. "நீங்க தொட்டது எந்தெந்த ஸ்லைடு?" என்று கேட்டு, மூன்று ஸ்லைடுதான் என்றால், `Compare` கூட வேண்டாம்; அந்த மூன்றையும் முன்பு சொன்னபடி எடுத்து ஒட்டிவிடலாம். பெரும்பாலும் அதுதான் வேகம்.

## டீமுக்குள் பேசிவைத்துக்கொள்ள வேண்டியவை

ஓடும் ஃபைல் ஒன்றே ஒன்று, அதன் பெயரில் பதிப்பு எண் கிடையாது. `Kaalandu_Review.pptx` என்று இருக்கட்டும், கடைசி வரை அதே பெயர். `final`, `final2`, `final_new` என்று பெயர் வைக்கத் தொடங்கினால் ஒவ்வொரு பெயரும் ஒரு புது ஜெராக்ஸ். பெயரில் தேதி போட வேண்டியது, இனி யாரும் திருத்தாத உறைந்த நகலுக்கு மட்டும்: `2025-03-14_Kaalandu_Review.pptx`. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டரில் தானாகவே கால வரிசையில் நிற்கும். மேலதிகாரிக்கு அனுப்பும் முன் இப்படி ஒன்று எடுத்து வைத்தால், 25 பதிப்பு தீர்ந்தாலும் அந்த நிலை கையில் இருக்கும். அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அவர் அதில் சுலபமாகத் திருத்தித் திருப்பி அனுப்ப முடியாது, பெரும்பாலும் கருத்துதான் சொல்வார். அதுதான் நமக்கு வேண்டியது.

ஸ்லைடுகளைப் பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது இப்போது உண்மையிலேயே பயன்படும். இடது ஓரத்தில் ஸ்லைடுகளுக்கு நடுவே வலது கிளிக் செய்து `Add Section` கொடுத்து, பகுதியின் பெயரிலேயே பொறுப்பாளர் பெயரையும் எழுதிவிடலாம். அடுத்தவர் பகுதியில் ஏதாவது மாற்றத் தோன்றினால் கமெண்ட் போடுங்கள், நேரடியாகக் கை வைக்காதீர்கள். ஸ்லைடு மாஸ்டருக்கு ஒரே ஒருவர்தான் பொறுப்பு. அங்கே எழுத்துரு அளவைக் கொஞ்சம் கூட்டினாலும் 18 ஸ்லைடிலும் வரிகள் நகர்ந்து, யாரோ ஒருவரின் அட்டவணை ஸ்லைடுக்கு வெளியே போய் நிற்கும். மாஸ்டர் வேலையை முதல் நாளே, உள்ளடக்கம் வரும் முன் முடித்துவிடுவது நல்லது.

கடைசியாக, கூட்டத்தன்று. அரங்கில் இணையம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் ஃபைலை லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு போவோம். அது உறைந்த நகல், தேதியோடு பெயர் வைத்தது. ஆனாலும் மேடையேறும் பத்து நிமிடம் முன் ஒரு எண்ணை மாற்றும்படி வரும், அந்த நகலிலேயே மாற்றுவோம், வேறு வழியில்லை. மாற்றியவர் அப்போதே டீம் குரூப்பில் ஒரு வரி போட்டுவிட வேண்டும்: "செலவு விவரம் ஸ்லைடு, மூன்றாவது வரி, லேப்டாப் நகலில் மாற்றியிருக்கிறேன்." ஆபீஸில் இருப்பவர் அதைப் பார்த்து ஓடும் ஃபைலிலும் அதே மாற்றத்தைச் செய்துவிடுவார். அடுத்த காலாண்டு `Save a Copy` கொடுக்கப்போவது அந்த ஃபைலிலிருந்துதான்.